அந்த எட்டு வினாடியை வெட்டாதீங்க, தம்பி

முதல் வீடியோ போட்ட இரண்டாம் நாள் திருப்பூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். நாலு வருஷமாக எங்களிடம் நல்லெண்ணெய் வாங்குகிறவர். "ஏனுங்க, எள்ளைக் கொட்டறீங்க, அடுத்த நொடியில எண்ணெய் பாத்திரத்துல நிக்குது. நடுவுல என்ன நடந்துச்சுன்னே காட்டலீங்களே. வெளியில வாங்கி ஊத்துனாப்பல இருக்குது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஈரோடு மாவட்டத்தில் சிவகிரிக்குப் பக்கத்தில் எங்கள் செக்கு இருக்கிறது. எள்ளைச் சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து ஏலத்தில் எடுக்கிறோம். வாகை மரச் செக்கு இரண்டு, மோட்டாரில் ஓடுபவை. அப்பா காலத்தில் ஊருக்குள்ளேயே விற்றுத் தீர்ந்தது. இப்போது பாதி சரக்கு பார்சலில் போகிறது. செக்கை நேரில் பார்க்காதவர்கள்தான் வாங்குகிறார்கள் என்பதால் வீடியோ தேவைப்பட்டது. படத்தை என் போனிலேயே எடுத்தேன். வெட்டித் தொகுக்கும் வேலையைக் கோயம்புத்தூரில் தனியாக எடிட்டிங் செய்யும் ஒரு தம்பியிடம் கொடுத்தேன்.

வந்த வீடியோ 45 வினாடி. அந்த அம்மாவின் போனுக்குப் பிறகு அதை நிறுத்தி நிறுத்தி ஓட்டி எண்ணிப் பார்த்தேன். 38 வெட்டு. ஒரு காட்சி ஒன்றேகால் வினாடிகூட நிற்கவில்லை. திட்டலாம் என்று போனை எடுத்தேன். அவருக்கு நான் கடைசியாக அனுப்பிய செய்தி மேலேயே கிடந்தது: "ஃபாஸ்ட்டா, புரொஃபஷனலா, டிரெண்டிங்கா இருக்கணும் தம்பி." நான் கேட்டதைத்தான் அவர் கொடுத்திருந்தார்.

அதன் பிறகுதான் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கக் குறிப்பு ஒன்று எழுதினேன். அதைக் கேட்டு வாங்கிப்போன இரண்டு மூன்று பேர், ஒருவர் பாத்திரக்கடை, ஒருவர் ஜமுக்காளத் தறி, "எங்களுக்கும் இப்படித்தான் ஆச்சு" என்றார்கள். அதனால் அந்தக் குறிப்பில் என்ன எழுதினேன், ஏன் எழுதினேன் என்று இங்கே சொல்கிறேன்.

முதலில், வெட்டு என்றால் என்ன என்பது எனக்கே அப்போதுதான் புரிந்தது. சும்மா பார்க்கும்போது வெட்டு கண்ணில் படுவதில்லை. ஆனால் ஒவ்வொரு வெட்டிலும் பார்க்கிறவர் மனசு ஒரு வேலை செய்கிறது: இதற்கும் அதற்கும் நடுவே ஏதோ விட்டுப்போயிருக்கிறது, அது இன்னதாக இருக்கும் என்று தானே நிரப்பிக்கொள்கிறது. கதவைத் திறக்கும் கை, அடுத்து அறைக்குள் நிற்கும் ஆள். நடுவில் அவர் உள்ளே நடந்து போனார் என்று நாமே நினைத்துக்கொள்வோம். கதவு விஷயத்தில் யாருக்கும் சந்தேகம் வராது. எள் கொட்டுவது, அடுத்து எண்ணெய் வழிவது என்றால் அந்த இடைவெளியை நிரப்புவது நம்பிக்கையா சந்தேகமா என்பது பார்க்கிறவர் கையில் போய்விடுகிறது. கலப்பட எண்ணெய் பற்றிக் கேள்விப்பட்டு அலுத்துப்போனவர்கள் எதை நிரப்புவார்கள்?

எங்கள் தொழிலில் அந்த இடைவெளிதான் மொத்தச் சரக்கும். 20 கிலோ எள்ளைக் காயவைத்துக் கல், தூசி எடுத்துச் செக்கில் போட்டால் முதலில் அது மாவாகும். அதன் பிறகு கருப்பட்டி போட்டுக் கொஞ்சம் தண்ணீர் தெளிப்போம். மாவு கட்டிப்பிடித்து உரலின் ஓரத்தில் ஏறும். அரை மணி நேரத்துக்கு ஒன்றும் நடக்காத மாதிரியே இருக்கும். பிறகு மாவின் மேல் ஒரு மினுமினுப்பு வரும். உலக்கை ஒவ்வொரு சுற்று வரும்போதும் அதன் பின்னாலேயே எண்ணெய் ஊறிக் குழியில் தேங்கும். மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஓடி, 8 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். அந்த மினுமினுப்பு தேக்கமாக மாறுவதைக் கண்ணால் பார்த்தவர் யாரும் வெளியில் வாங்கி ஊற்றினாயா என்று கேட்க மாட்டார்.

ஆகவே குறிப்பின் முதல் வரி இப்படி ஆனது:

"தம்பி, இந்த வீடியோவைப் பாத்து முடிக்கிறவங்க ஒண்ணே ஒண்ணு நம்பணும். இந்த எண்ணெய் இந்த எள்ளிலிருந்துதான் வந்துச்சுன்னு. மத்தது எல்லாம் அதுக்கு அப்புறம்."

இரண்டாவது வரி: "எண்ணெய் தேங்கற காட்சியில எட்டு வினாடி வெட்டே வேண்டாம். ஜூம் வேண்டாம். மேல எழுத்தும் வேண்டாம்."

எட்டு என்ற கணக்கு காற்றில் பிடித்ததல்ல. எடுத்த படத்தை ஓடவிட்டுப் பார்த்தேன். எங்கள் செக்கு ஒரு சுற்று சுற்ற ஐந்து வினாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகிறது. ஒரு முழுச் சுற்றும், உலக்கை திரும்பி வந்து அதே இடத்தில் எண்ணெய் இன்னும் ஏறியிருப்பதும் தெரிய எட்டு வினாடி வேண்டும். ஆறில் நிறுத்தினால் இரண்டாவது வருகை விட்டுப்போகும். பத்தில் எனக்கே கை திரையைத் தள்ளப் போனது.

வேகம் என்பதை இப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபாஸ்ட், ஸ்லோ என்ற சொற்களால் எடிட்டருக்கு ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் அவருடைய ஃபாஸ்ட் கார் விளம்பரத்திலிருந்து வந்தது, என்னுடைய ஃபாஸ்ட் செக்கிலிருந்து. எந்தக் காட்சி எதைக் காட்டி முடிக்கும்வரை நிற்க வேண்டும் என்று சொன்னால் வினாடி தானாக வந்துவிடும். பாட்டில் கழுவுவது, லேபிள் ஒட்டுவது, அட்டைப்பெட்டி கட்டுவது எல்லாம் ஒரு பார்வையில் புரிந்துவிடும். ஒவ்வொன்றும் ஒன்றரை வினாடி போதும், அங்கே அவர் இஷ்டம்போல் வெட்டிக்கொள்ளட்டும் என்று எழுதினேன். எல்லாம் மெதுவாகப் போனால் அந்த எட்டு வினாடியின் மெதுவும் தெரியாமல் போகும்.

அதற்கு முன்னால் வரும் அரை மணி நேரத்தை என்ன செய்வது? போனை ஸ்டாண்டில் நிறுத்தி ஒரே கோணத்தில் எடுத்திருக்கிறேன், அதை அப்படியே வேகமாக ஓட்டி ஒன்பது வினாடியாக்குங்கள் என்று எழுதியிருந்தேன். இது தப்பு என்று தம்பி செய்து காட்டினார். அரை மணி என்பது 1800 வினாடி. அதை ஒன்பதாகச் சுருக்கினால் 200 மடங்கு வேகம். படத்தில் ஒரு வினாடிக்கு 30 சட்டகம் என்றால், ஒரு சட்டகத்துக்கும் அடுத்த சட்டகத்துக்கும் இடையே நிஜத்தில் ஆறரை வினாடிக்கு மேல் போய்விடுகிறது. அதற்குள் உலக்கை ஒரு சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். ஆகவே திரையில் உலக்கை இங்கே ஒரு தடவை அங்கே ஒரு தடவை என்று வெட்டி வெட்டித் துடித்தது. கண் வலித்தது. மேகம் நகர்வதற்கும் பூ விரிவதற்கும் அந்த உத்தி சரி, சுற்றுகிற பொருளுக்கு ஆகாது என்றார்.

அவர் சொன்ன மாற்று எளிமையானது. அதே கோணத்திலிருந்து மூன்று துண்டு, ஒவ்வொன்றும் மூன்று வினாடி, நிஜ வேகத்தில். கருப்பட்டி போட்டதும் ஒன்று, கால் மணி கழித்து ஒன்று, மினுமினுப்பு வரும்போது ஒன்று. ஒன்று மங்கி மற்றது தெளிகிற மாதிரி சேர்ப்பது. டிசால்வ் என்கிறார்கள். பழைய சினிமாவிலிருந்தே அதற்கு 'நேரம் போயிற்று' என்பதுதான் பொருள். பார்க்கிறவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோணம் மாறாததால் அதே செக்கு, அதே மாவு என்று தெரிகிறது. நான் ஒன்று மட்டும் சேர்த்தேன்: பின்சுவரில் இருக்கும் கடிகாரம் சட்டகத்துக்குள் இருக்கும்படி மறுபடி எடுத்துத் தந்தேன். பத்தே கால், பத்தரை, பத்தே முக்கால். இதற்கு எழுத்தே தேவைப்படவில்லை.

அடுத்தது பேச்சு. எங்கள் அம்மாதான் கருப்பட்டி பற்றிப் பேசுகிறார். எடுத்தது நாலு நிமிஷம், தேவை பதின்மூன்று வினாடி. முதல் வீடியோவில் அவர் பேச்சில் இருந்த மௌனம் அத்தனையும் காணவில்லை. மௌனத்தைத் தானாகவே தேடி வெட்டும் வசதி இப்போது எடிட்டிங் மென்பொருளில் இருக்கிறது, அதைப் போட்டிருக்கிறார். மூச்சு விடாமல் அம்மா ஒப்பிக்கிற மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு வெட்டிலும் தலை இப்படியும் அப்படியுமாகக் குதித்தது.

குறிப்பில் எழுதினேன்: "அம்மா 'வந்துங்க', 'அது என்னன்னா'ன்னு சொல்ற இடத்தை எல்லாம் எடுத்துடுங்க. ஆனா 'கருப்பட்டி கம்மியாப் போனா பிண்ணாக்கே எண்ணெயைக் குடிச்சுக்கும்'னு சொல்லிட்டு செக்கைத் திரும்பிப் பாப்பாங்க. அந்த ரெண்டு வினாடி அப்படியே இருக்கட்டும். வாக்கியத்தை முன்னப் பின்ன மாத்தி ஒட்டாதீங்க."

தலை குதிக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. பேச்சை வெட்டிய இடத்தில் முகத்துக்குப் பதிலாகக் கருப்பட்டி உடைக்கும் கையைக் காட்டுவது. குரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். படம் மாறிய பிறகும் பழைய ஒலி தொடர்ந்தால் எல் கட், படம் வரும் முன்பே அதன் ஒலி வந்துவிட்டால் ஜே கட் என்று எடிட்டர்கள் சொல்கிறார்கள். எடிட்டிங் திரையில் படப்பட்டையும் ஒலிப்பட்டையும் அடுக்கியிருக்கும் கோலம் அந்த ஆங்கில எழுத்துகள் போல இருப்பதால் வந்த பெயர். நான் கேட்ட ஜே கட் ஒன்றே ஒன்று: எள்ளைக் கொட்டி முடிக்கும் முன்பே செக்கின் 'க்ரீச்' சத்தம் தொடங்கிவிட வேண்டும். அந்தச் சத்தத்துக்கு மேலே பாட்டு ஏறக்கூடாது. ஊரில் வளர்ந்தவருக்கு அந்தச் சத்தம் எந்தப் பின்னணி இசையும் செய்யாததைச் செய்யும்.

இனி எழுத்து. திரையில் தமிழ் எழுத்து வைப்பதில் வரும் சங்கடங்களை எடிட்டிங் சொல்லித்தரும் வீடியோக்கள் பேசுவதே இல்லை. அவை ஆங்கிலத்துக்குச் செய்தவை.

முதல் வீடியோவில் தலைப்பு தட்டச்சு செய்வது போல எழுத்து எழுத்தாக வந்தது. ஆங்கிலத்தில் அது அழகு. தமிழில் 'கேட்டு வாங்குங்கள்' என்பது முதலில் 'க' என்று தோன்றி, பிறகு கொம்பு அதன் முன்னால் வந்து குதித்து, 'க'வைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கணினிக்குள் 'கே' என்பது 'க' முதலில், கொம்பு பிறகு என்றுதான் பதிவாகிறது. கண்ணுக்குத்தான் கொம்பு முன்னால். ஆகவே எழுத்து எழுத்தாக விரியும் எந்த அலங்காரமும் தமிழில் நடுங்கும். புள்ளி கடைசியில் வந்து ஒட்டும். சொல் சொல்லாக வரட்டும், இல்லையென்றால் முழு வரியும் ஒரே தடவையில் வரட்டும் என்று எழுதினேன்.

இரண்டாவது சங்கடம் எழுத்துரு. நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வரி யூனிகோடு. அவரிடம் இருந்த அழகான எழுத்துரு பாமினி வகையைச் சேர்ந்த பழைய முறை. அதில் ஒட்டினால் குப்பையாக வந்ததால் அவரே கையால் மறுபடி அடித்திருக்கிறார். அப்படித்தான் 'எண்ணெய்' என்பது 'எண்ணை' ஆயிற்று. எண்ணெய் விற்கிறவன் வீடியோவில் எண்ணெயே தப்பு! இப்போது நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை போன்ற யூனிகோடு எழுத்துரு மட்டும், நான் அனுப்பும் வரியை நகலெடுத்து ஒட்டுவது மட்டும், கையால் அடிப்பது கிடையாது என்று ஏற்பாடு. அடோபி பிரீமியரின் சில பழைய பதிப்புகளில் யூனிகோடு ஒட்டினாலும் கொம்பு தனியாக, எழுத்து தனியாக நிற்கும். அமைப்புகளில் எழுத்துக்கான இயக்கியை `South Asian and Middle Eastern` என்று மாற்றினால் சரியாகிவிடும். இது தம்பி எனக்குச் சொன்னது.

மூன்றாவது, உயரம். தமிழில் 'கீ' மேலே ஏறும், 'கூ' கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வெட்டிய வண்ணப் பட்டையில் வைத்தால் மேலே சுழியும் கீழே வாலும் அறுபடும். இரண்டு வரி வைத்தால் மேல் வரியின் வால் கீழ் வரியின் விசிறியில் இடிக்கும். வரிகளுக்கு நடுவே இடம் விடுங்கள், முடிந்தால் ஒரே வரி என்றேன். நம் சொற்கள் நீளம். நிமிர்ந்த போன் திரையில் படிக்கிற அளவில் வைத்தால் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் கொள்ளும். எழுத்தைச் சின்னதாக்காமல் சொல்லைக் குறைத்தேன். 'எங்களது பாரம்பரிய முறையில் ஆட்டப்பட்ட' என்று இருந்ததை 'வாகைச் செக்கில் ஆட்டியது' என்று ஆக்கினோம்.

எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கு வீட்டில் ஒரு சோதனை இருக்கிறது. வரியை அம்மா வாய்விட்டு ஒருமுறை படித்து முடித்த பிறகு ஒரு வினாடி நிற்க வேண்டும். மேற்சொன்ன மூன்று சொல்லுக்கு மூன்றரை வினாடி வந்தது. பெரிய நிறுவனங்களிடம் இதற்கு எழுதிவைத்த விதி உண்டு; நெட்ஃபிளிக்ஸில் ஒரு வசன வரி ஒரு வினாடியில் ஆறில் ஐந்து பங்குக்குக் குறைந்து நிற்கக்கூடாது, ஏழு வினாடிக்கு மேலும் போகக்கூடாது. என் விதி அம்மாதான்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. ரீல்ஸில் கீழ்ப்பகுதியில் நம் கணக்கின் பெயரும் விவரமும் வந்து உட்காரும், வலது ஓரத்தில் பொத்தான்கள். கீழே மூன்றில் ஒரு பங்கில் எழுத்தே வேண்டாம் என்று எழுதினேன். முதல் வீடியோவில் எங்கள் போன் எண் அதற்கு அடியில்தான் புதைந்து கிடந்தது. எடிட்டர் பெரிய மானிட்டரில் வேலை செய்வதால் இது அவர் கண்ணில் படாது. 'அபோகலிப்ஸ் நவ்' படத்தின் எடிட்டர்களில் ஒருவரான வால்டர் மர்ச், தன் சின்னத் திரையின் இரு பக்கமும் காகிதத்தில் வெட்டிய குட்டி மனித உருவங்களை ஒட்டி வைப்பாராம், தியேட்டர் திரை எவ்வளவு பெரிது என்பது மறக்காமல் இருக்க. நமக்குத் தலைகீழ் வேலை. அனுப்பும் முன் போனில் போட்டு ஒருமுறை கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

இதையெல்லாம்விட முக்கியம் எழுத்தில் என்ன சொல்கிறோம் என்பது. முதல் வீடியோவில் தம்பி தன் டெம்ப்ளேட்டிலிருந்து '100% ஆர்கானிக்', 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று இரண்டு முத்திரை போட்டிருந்தார். அழகுக்குத்தான் போட்டார். ஆனால் ஆர்கானிக் என்று விற்கச் சான்று வேண்டும். ஏலத்தில் எடுக்கும் எள்ளுக்கு என்னிடம் அது இல்லை. கொலஸ்ட்ராலோ எந்தத் தாவர எண்ணெயிலும் இருப்பதில்லை, என் எண்ணெயில் மட்டும் இல்லாதது போலச் சொல்வது ஏமாற்று. உணவு விளம்பரங்களில் என்ன சொல்லலாம் என்பதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் விதிமுறையே போட்டிருக்கிறது. மாட்டினால் பதில் சொல்வது எடிட்டர் அல்ல, உரிமம் வைத்திருக்கும் நான். "நான் எழுதித் தராத ஒரு சொல்கூடத் திரையில வரக்கூடாது தம்பி" என்பதுதான் குறிப்பிலேயே கண்டிப்பான வரி. விலையையும் போடச் சொல்லவில்லை. எள் விலை ஏறினால் வீடியோ பொய்யாகிவிடும். எழுத்தே இல்லாத ஒரு பிரதியையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்கிறேன், நாளைக்கு எண் மாறினாலும் உதவும்.

நான் தோற்ற இடம் ஒன்று உண்டு. வீடியோ எங்கள் கடைப் பெயர்ப் பலகையில் தொடங்க வேண்டும் என்று பிடிவாதமாக எழுதியிருந்தேன். தம்பி போன் செய்தார். "அண்ணா, உங்க பலகையை உங்களைத் தெரிஞ்சவங்கதான் பாப்பாங்க. தெரியாதவங்க நின்னு பாக்கணும்னா எண்ணெய் நூலா இறங்கற காட்சியை முதல் மூணு வினாடி வைக்கணும்" என்றார். இரண்டு மாதிரியும் செய்து அனுப்பினார். பலகையில் தொடங்கியதை என் மனைவியே பாதியில் தள்ளிவிட்டாள். பலகை கடைசி ஐந்து வினாடிக்குப் போயிற்று, போன் எண்ணோடு.

திருத்தம் சொல்வதிலும் ஒழுங்கு வந்தது. 'அந்த அம்மா பேசற இடத்துக்கு அப்புறம் கொஞ்சம்' என்று குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவன், இப்போது 0:23 என்று நேரத்தைக் குறித்து எழுதுகிறேன். என்ன செய்ய வேண்டும் என்பதைவிட எனக்கு என்ன தோன்றியது என்று எழுதுவது உதவுகிறது. '0:31இல் அலுப்பாக இருக்கிறது' என்றால் அவர் 0:27ஐத் திருத்தி அதைச் சரிசெய்துவிடுவார். வீட்டில் ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்வதை எல்லாம் அனுப்புவதில்லை. ஒரே தொகுப்பாக, இரண்டு சுற்று. மூன்றாவது கேட்டால் தனியாகக் காசு என்று அவரும் நானும் முன்பே பேசிக்கொண்டோம். அது நியாயம்தான்.

இரண்டாவது வீடியோ 58 வினாடி, 14 வெட்டு, மூன்று டிசால்வ்.

அடுத்து கடலை எண்ணெய். கடலைக்குக் கருப்பட்டி கிடையாது, தண்ணீர் தெளிப்பதோடு சரி. எண்ணெய் பிரியும் விதமும் வேறு. எங்கே வெட்டக்கூடாது என்று இன்னும் எனக்கே தெரியவில்லை. திங்கட்கிழமை கடலை ஆட்டும்போது ஸ்டாண்டைப் போட்டு முழுசாக எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் தம்பிக்கு எழுத வேண்டும்.